‘பத்தாம் தேதி அனுப்பிடறேன்’ என்று சொல்லி நான் பட்ட பாடு

கோயம்புத்தூரில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. டேபிள்டாப் கிரைண்டர் அசெம்பிள் செய்து விற்கிறோம். மாமனார் ஆரம்பித்தது. அவருக்கு உடம்பு முடியாமல் போன பிறகு கணக்கு, ஃபோன், சரக்கு அனுப்புவது எல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. விற்ற சரக்கு பழுதாகித் திரும்பி வருவதை நான் முதன்முதலாகத் தனியாகச் சமாளித்தது 2024 செப்டம்பரில். என்ன கேட்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. போன பணம் ₹11,980. எங்களைப் போன்ற பட்டறைக்கு அது சின்னத் தொகை இல்லை. பணத்தைவிட, ஒரு நல்ல கடைக்காரரிடம் தலை குனிந்து நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் ஒரு பாத்திரக்கடைக்கு 40 கிரைண்டர் அனுப்பினோம். கடைக்காரர் இரண்டு தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழர், மாமனாருக்குப் பழக்கம். சரியாக 12 நாள் கழித்து ஃபோன் வந்தது. “ஏம்மா, டிரம்முல தண்ணி ஒழுகுதுன்னு ஆறு பேர் கொண்டுவந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க. மாவு அரைச்சா அடியில சொட்டுது. ஆயுத பூஜை வேற வருது, என்ன பண்றது?” என்றார். எனக்குக் கை நடுங்கியது. எப்படியாவது அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்ற அவசரத்தில், “அண்ணா, நீங்க கவலைப்படாதீங்க, நாளைக்கே ஆள் அனுப்பி எடுத்துக்கறேன், வந்ததும் மாத்தி அனுப்பிடறேன்” என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரே வாக்கியத்தில் மூன்று தப்பு. எத்தனை பெட்டி, என்ன பழுது என்று கேட்கவில்லை. எடுக்க வரும் வண்டியை விசாரிக்காமலே நாளை என்றேன். கையில் ஒரு டிரம்கூட இல்லாமல் மாற்றி அனுப்புவேன் என்றேன்.

மறுநாள் பார்சல் ஆபீஸில் பேசினால், கடைக்கே வந்து எடுக்க ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், டெம்போவுக்கு ₹850 தனி என்றார்கள். சரி என்றேன். 26ஆம் தேதி மதியம் டெம்போ போனது. கடையில் பெட்டிகள் தயாராக இல்லை. கடை வேலையாள், விற்றுத் திரும்பி வந்த கிரைண்டர்களைப் பெட்டியே இல்லாமல் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார். வீட்டுக்கு வாங்கிப் போனவர்கள் அட்டைப்பெட்டியையா பத்திரமாக வைத்திருப்பார்கள்? பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். பெட்டியில்லாத சரக்கை ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான், உடைந்தால் அவர் தலையில்தானே விழும்? ₹850 போனது போனதுதான். கடைக்காரர் எனக்கு ஃபோன் செய்து, “வண்டி வந்துச்சு, வெறுங்கையோட போயிடுச்சு, நீங்க ஒண்ணும் சொல்லலையே” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

இப்போதெல்லாம் வண்டி சொல்வதற்கு முன்னால் கடையிலிருந்து ஒரு படம் கேட்கிறேன். பெட்டிகள் ஒட்டி, கட்டி, வாசலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்த படம். அது வந்த பிறகுதான் பார்சல் ஆபீஸுக்கு ஃபோன். பெட்டி இல்லாதவற்றுக்குக் காலி அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் மடித்துக் கட்டி நாங்களே அனுப்பிவிடுகிறோம். இரண்டு மூன்று நாள் கூடுதலாகும், ஆனால் வீண் டெம்போ வாடகை மிச்சம். அதோடு கடையில் யார் சரக்கை ஏற்றிவிடுவார், அவர் நம்பர் என்ன, மதியம் எத்தனை மணிக்குக் கடை சாத்துவார்கள் என்பதையும் எழுதி டெம்போக்காரருக்கு அனுப்புகிறேன். முதலாளி நம்பரை மட்டும் கொடுத்தால் அவர் பேங்கில் இருப்பார், எடுக்க மாட்டார்.

பெட்டிப் பிரச்சினை தீர்ந்ததும் அடுத்தது காகிதம். கடைக்காரர் பயந்துபோய், விற்காமல் கையிருப்பில் இருந்த 12 பெட்டியையும் சேர்த்து 18ஆகத் திருப்பி அனுப்புகிறேன் என்றார். ஒன்று ₹3,100, ஜிஎஸ்டியோடு ₹3,658. 18க்கும் சேர்த்து ₹65,844. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு ₹50,000 தாண்டினால், ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் என்ற சரக்குச் சீட்டு வேண்டும். திரும்பி வரும் பழுதுச் சரக்குக்கும் அதே சட்டம்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. இது விற்பனை இல்லையே, நம்ம சரக்கு நம்மகிட்டதானே வருது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்சல் ஆபீஸ் கிளார்க் கேட்டபோதுதான் விழித்தேன். கடைக்காரரின் கணக்குப்பிள்ளை சனிக்கிழமை மட்டும்தான் வருவாராம். சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டுமோ என்று உட்கார்ந்திருந்தபோது எங்கள் ஆடிட்டர் சொன்னார், சரக்கைப் பெற்றுக்கொள்கிறவரும் அந்த பில்லைப் போடலாம் என்று. போர்ட்டலில் Inward எடுத்து, அதில் Sales Return. கடைக்காரர் செய்ய வேண்டியதெல்லாம், எங்கள் பழைய இன்வாய்ஸ் நம்பரைக் குறிப்பிட்டு ஒரு டெலிவரி சலான் எழுதி, படம் எடுத்து அனுப்புவது மட்டும். அதை எழுதி வாங்கவே சனிக்கிழமை ஆகிவிட்டது என்பது வேறு கதை.

அதிலும் ஒரு தப்பு செய்தேன். 28ஆம் தேதி சனிக்கிழமை பில் போடும்போது, அன்றே வண்டி வந்துவிடும் என்று நம்பி, பகுதி B-யில் டெம்போ நம்பரையும் போட்டுவிட்டேன். வண்டி நம்பர் ஏறிய நேரத்திலிருந்து பில்லின் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. பெங்களூரிலிருந்து இங்கே ஏறக்குறைய 360 கிலோமீட்டர், ஆக இரண்டு நாள். டெம்போ வந்ததோ திங்கட்கிழமை மாலை. பில் அன்று நள்ளிரவோடு முடிகிறது, லாரி மறுநாள் காலைதான் கோவை சேரும். வழியில் சோதனையில் மாட்டினால் யார் பொறுப்பு என்று கேட்டு லாரியில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். நல்ல வேளையாக, காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்னும் எட்டு மணி நேரம் பின்னும் நீட்டிக்க வழி இருக்கிறது. கெஞ்சிக் கேட்டுக்கொண்டதில் பார்சல் ஆபீஸ்காரர்களே அன்று இரவு நீட்டித்து ஏற்றினார்கள். நான் செய்திருக்க வேண்டியது எளிது. கடையிலிருந்து அதே மாநிலத்தில் 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் பார்சல் ஆபீஸ் வரைக்கும் வண்டி நம்பர் போடத் தேவையே இல்லை. பார்சல் ஆபீஸின் டிரான்ஸ்போர்ட்டர் ஐடியை மட்டும் போட்டு விட்டுவிட்டால், லாரி கிளம்பும்போது அவர்களே லாரி நம்பரைப் போட்டுக்கொள்வார்கள். எடுக்கும் நாள் தள்ளிப்போனாலும் பில் சாகாது.

அக்டோபர் 3ஆம் தேதி வியாழக்கிழமை சரக்கு பட்டறைக்கு வந்தது. இரண்டாவது டெம்போ ₹850, சரக்கை எடுக்கும்போது கட்டும் டு-பே முறையில் லாரி வாடகை பெட்டிக்கு ₹95 வீதம் ₹1,710, இறக்குகூலி ₹180. முதல் பெட்டியைத் திறந்ததும் புளித்த மாவு வாடை குப்பென்று அடித்தது. யாரோ அரைத்துவிட்டு, ஒழுகுகிறது என்றதும் கழுவாமலே கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டிருக்கிறார்கள். குழவிக்கல்லின் இடுக்கில் மாவு காய்ந்து, மேலே பச்சையாகப் பூசணம். இரண்டு பெட்டியில் கல்லைக் கழற்றாமல் அப்படியே வைத்துக் கட்டியிருந்தார்கள். லாரி குலுக்கலில் கல் ஆடி ஆடி பாடியில் இடித்து விரிசல் விட்டிருந்தது. நல்ல பாடி இரண்டு வீண், ₹1,400. குழவிக்கல்லைக் கழற்றிப் பேப்பரில் சுற்றித் தனியாக வை, டிரம்மைக் கழுவிக் காயவை என்று நான் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். கடையில் வேலை செய்யும் பையனுக்கு அது எப்படித் தெரியும்?

அன்று இரவு 18 டிரம்மையும் சோதித்தோம். உலர்ந்த பேப்பரை விரித்து, டிரம்மை அதன்மேல் வைத்து, நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி விட்டுவிட வேண்டும். டிரம்மின் நடுவில் நிற்கும் குழாய் அடித்தட்டோடு சேரும் இடத்தில்தான் கசிவு வரும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. அடிக்கல்லுக்குக் கீழே இறங்கித்தான் தண்ணீர் அந்த இடத்துக்குப் போகிறது, அதனால் இரவு முழுக்க வைத்தால்தான் தெரியும். காலையில் டிரம்மைத் தூக்கினால் பேப்பரில் ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஈரம். பதினோரு பேப்பரில் அந்த வட்டம் இருந்தது. ஏழு பேப்பர் காய்ந்தே கிடந்தது. அதாவது ஏழு நல்ல கிரைண்டர்களை, பூஜை விற்பனை நேரத்தில், கடையிலிருந்து வாடகை கொடுத்து வரவழைத்திருக்கிறேன். இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்யச் சொல்லியிருக்கலாம். தண்ணீரும் பழைய பேப்பரும் எங்கேதான் இல்லை?

இன்னும் பெரிய முட்டாள்தனம் ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பட்டறையில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் ஃபிட்டர் அண்ணன். பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “டிரம்தானே பழுது, மோட்டாரையும் பாடியையும் எதுக்கும்மா பெங்களூர்லேர்ந்து தூக்கிட்டு வந்தீங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. டிரம் கையால் தூக்கினால் கழன்று வரும் பொருள். டிரம்மை மட்டும் வரவழைத்து, புது டிரம்மை மட்டும் அனுப்பியிருந்தால் எடை பாதிக்கும் கீழே. 11 டிரம்மின் மதிப்பு ₹50,000க்கு வெகு கீழே நிற்கும், இ-வே பில்லும் வேண்டாம், சலான் போதும். ‘பழுதுச் சரக்கு’ என்ற சொல்லைக் கேட்டதும் முழுப் பெட்டிதான் என்று மனதில் ஓடிவிட்டது. அதனால் இப்போது யாராவது பழுது என்று ஃபோன் செய்தால், எந்தப் பாகம் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். கூடவே ஒரு வீடியோ, பாடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரோடு. டிரம்மில் நம்பர் இல்லாமல் இருந்தது, கடையில் ஒன்றை ஒன்றோடு மாற்றிப் போட்டால் எது எந்த லாட் என்றே தெரியாது. இப்போது டிரம் விளிம்பிலும் நம்பர் அடிக்கிறோம்.

இனி மாற்றுச் சரக்கு. 4ஆம் தேதி வெள்ளிக்கிழமை கடைக்காரரே ஃபோன் செய்தார். சரக்கு வந்ததும் அனுப்புவதாக நான்தானே சொன்னேன், வந்துவிட்டதே? அதற்குப் பிறகுதான் டிரம் செய்து தருகிறவரிடம் பேசினேன். திங்கட்கிழமை 7ஆம் தேதி தருவதாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அடிக்கல் ஒட்டி இறுக இரண்டு நாள், 9ஆம் தேதி இரவு தண்ணீர்ச் சோதனை, 10ஆம் தேதி கட்டு. மனக்கணக்குப் போட்டு, “பத்தாம் தேதி அனுப்பிடறோம்ண்ணா” என்றேன். “அப்ப பூஜைக்கு வந்துடும், சரிம்மா” என்றார். அந்த ‘பூஜைக்கு வந்துடும்’ என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் திருத்தவில்லை. எப்படியாவது நடந்துவிடும் என்று ஒரு நப்பாசை. அவர் திட்டாமல் ஃபோனை வைத்துவிட்டாரே என்ற நிம்மதியும் இருந்தது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

சொன்னபடி 10ஆம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் 18 பெட்டியும் பார்சல் ஆபீஸுக்குப் போய்விட்டன. எனக்கு ஒரே பெருமை. இரவு ஏழு மணிக்கு அங்கிருந்து ஃபோன், இன்றைய லாரி நிறைந்துவிட்டது, நாளை ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி, அதற்கடுத்து ஞாயிறு, சரக்கு 14ஆம் தேதிதான் ஏறும் என்று. கடைக்குப் போய்ச் சேர்ந்தது 15ஆம் தேதி. வெள்ளிக்கிழமை காலையிலேயே கடைக்காரர், “லாரி வந்துச்சாம்மா?” என்று கேட்டார். நான் “அனுப்பிட்டோம்ண்ணா” என்றேன். “அனுப்பினது சரி, வந்துச்சான்னு கேட்டேன்” என்றார். பூஜைக்குக் கிரைண்டர் வைத்துக் கும்பிட வேண்டும் என்று முன்பணம் கொடுத்திருந்த மூன்று பேர், வேறு கடையில் வேறு கம்பெனி கிரைண்டர் வாங்கிவிட்டார்கள். எங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் ₹4,500 பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். நான் எதிர்த்துப் பேசவில்லை. பட்டறையில் பூஜை போட்டு எல்லோரும் பொரியும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு எதுவும் இறங்கவில்லை.

அன்றிலிருந்து ‘அனுப்பிடறேன்’ என்ற சொல்லைத் தனியாகப் பயன்படுத்துவதே இல்லை. நாம் சொல்வது பட்டறை வாசல் தாண்டும் நாள். கேட்கிறவர் எடுத்துக்கொள்வது தன் கடை வாசலில் இறங்கும் நாள். நடுவில் பார்சல் ஆபீஸ் குடோன் ஒன்று இருப்பது இரண்டு பேருக்குமே மறந்துவிடும். நாம் ஆபீஸில் கொண்டுபோய்ப் போடும் நாளும் லாரி கிளம்பும் நாளும் ஒன்றல்ல. அதனால் தேதி சொல்வதற்கு முன், பார்சல் ஆபீஸில் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊருக்கு எந்தெந்தக் கிழமை லாரி, அன்றைய லாரியில் ஏற எத்தனை மணிக்குள் புக்கிங் ஆக வேண்டும். இன்னொன்று, டிரம் செய்கிறவரிடமிருந்து தேதி வாங்காமல் நான் வாடிக்கையாளருக்குத் தேதி கொடுப்பதில்லை. அவர் தேதி தரவில்லை என்றால், “நாளை மதியம் 12 மணிக்குத் தேதி சொல்கிறேன்” என்று சொல்கிறேன். ஆச்சரியம் என்னவென்றால் அதற்கு யாரும் கோபப்படுவதில்லை. ஆனால் 12 மணிக்கு ஃபோன் செய்தே ஆக வேண்டும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும்கூட.

பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுகிறேன். போன மாதம் ஒசூர் கடைக்கு அனுப்பியதை அப்படியே தருகிறேன்: “அண்ணா, பழுதான டிரம் 3, உங்க சலான் வந்துச்சு. புதன் காலை 11 மணிக்கு மேல டெம்போ வரும், வாடகை எங்களோடது. உங்க டிரம் இங்க வர்றதுக்குக் காத்திருக்கல, புது டிரம் 3 வெள்ளி சாயங்காலம் புக்கிங், எல்ஆர் நம்பர் அன்னிக்கு ராத்திரி எட்டுக்குள்ள அனுப்பறேன். சனி ராத்திரி லாரி, உங்க கைக்குத் திங்கள். திங்கள் வரலேன்னா எனக்குக் கூப்பிடுங்க.” இதில் பழைய சரக்கு வருவதும் புதுச் சரக்கு போவதும் ஒன்றையொன்று எதிர்பார்க்கிறதா இல்லையா என்பதைச் சொல்லும் வரிதான் எனக்கு முக்கியம். பெங்களூர் விஷயத்தில் ‘வந்ததும்’ என்று இரண்டையும் முடிச்சுப் போட்டதால்தான், டெம்போ தாமதமான ஒவ்வொரு நாளும் மாற்றுச் சரக்கும் ஒரு நாள் தள்ளியது. பழக்கமான கடை, வீடியோவில் பழுது தெளிவாகத் தெரிகிறது என்றால் காத்திருக்காமல் அனுப்பிவிடலாம். புதுக் கடை, பெரிய எண்ணிக்கை என்றால் சரக்கு வந்து, சோதித்து, அதன் பிறகுதான். அப்போது, “வந்து சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வேலை நாள்” என்று எண்ணிச் சொல்லிவிடுகிறேன்.

எல்ஆர் என்பது பார்சல் ஆபீஸ் தரும் ரசீது. அதன் படத்தை அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். டோர் டெலிவரியா குடோன் டெலிவரியா, பெய்டா டு-பேயா என்பது அதில் இருக்கும். மாற்றுச் சரக்குக்கு டு-பே போட்டுவிட்டால் வாடிக்கையாளர் தன் கையிலிருந்து வாடகை கட்டித்தான் எடுக்க வேண்டும், அதைவிட அவமானம் வேறில்லை. நான் அந்தத் தப்பை மட்டும் செய்யவில்லை. பெய்டு போட்டு ₹1,890, அங்கே கடை வரை இறக்க ₹600.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. வாரண்டியில் இலவசமாக மாற்றிக் கொடுப்பதற்குத் திரும்ப ஜிஎஸ்டி கட்ட வேண்டுமோ என்று பயந்து, புது இன்வாய்ஸ் போடத் தயாராகிவிட்டேன். ஆடிட்டர் தடுத்தார். வாரண்டியில் இலவசமாக மாற்றும் பாகத்துக்கு வரி இல்லை என்று 2023 ஜூலையிலும், முழுப் பொருளை மாற்றிக் கொடுத்தாலும் அப்படியே என்று 2024 ஜூனிலும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. வாடிக்கையாளரிடம் பணம் வாங்கவில்லை என்றால் டெலிவரி சலானில் அனுப்பலாம், அதில் பழைய இன்வாய்ஸ் நம்பரையும் ‘வாரண்டி மாற்று, விற்பனைக்கு அல்ல’ என்பதையும் எழுதிவிட வேண்டும். மதிப்பு வரம்பைத் தாண்டினால் இ-வே பில் மட்டும் இதற்கும் உண்டு. 18 பெட்டிக்கும் போட்டோம்.

பெங்களூர்க் கடைக்காரர் மூன்று மாதம் எங்களிடம் வாங்கவில்லை. பொங்கல் முடிந்து 20 கிரைண்டருக்கு ஆர்டர் கொடுத்தார். ஆர்டர் சீட்டின் அடியில் அவர் கையாலேயே எழுதியிருந்தது: “டிரம்மில் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பேப்பரையும் பெட்டிக்குள் வைக்கவும்.” வைத்துத்தான் அனுப்பினோம், காய்ந்த பேப்பர் இருபதும்.